ஐந்து மொழி சரளம் என்று எழுதிய மின்னஞ்சலும் அதைத் திருத்தி எழுதிய விதமும்

ஓசூரில் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, பெங்களூருவில் கால் சென்டர் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன். முதல் மாதத்தில் 11 நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். அதில் இருந்தவை மூன்றே வாக்கியங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளிலும் சரளமாகப் பேசுவேன். எந்த ஷிஃப்டிலும் பணியாற்றத் தயாராக இருக்கிறேன். வாடிக்கையாளர்களைக் கையாள்வதில் நல்ல அனுபவம் உண்டு. இந்த மூன்றும் உண்மை என்றே அப்போது மனமார நம்பினேன். ஓசூரில் வளர்ந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எளிதாக வந்துவிடும். எங்கள் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, காய்கறிச் சந்தையில் கன்னடம் என்று மூன்றையும் கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த 11 மின்னஞ்சல்களுக்கு இரண்டு நிறுவனங்களிலிருந்துதான் அழைப்பு வந்தது. இரண்டுமே கைகூடவில்லை. ஆனால் அந்த இரண்டு தோல்விகளும் மின்னஞ்சலில் எந்த வாக்கியம் எங்கே பிழைபட்டது என்பதை எனக்குத் துல்லியமாகக் காட்டிவிட்டன.

முதல் அழைப்பில் பேசிய ஹெச்ஆர் பெண்மணி, ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கன்னடத்துக்கு மாறினார். தம்மை ஒரு வாடிக்கையாளராக வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த மாதக் கட்டணத்தில் 300 ரூபாய் கூடுதலாக வந்திருக்கிறது, அது ஏன் என்று விளக்க வேண்டும், அந்தப் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றும் சொல்ல வேண்டும். நான் தயங்காமல் பேசத் தொடங்கினேன். ஆனால் பேசப் பேச என் காதுக்கே தவறு கேட்டது. வாடிக்கையாளரிடம் ‘ஹேளி’, ‘கொடி’ என்று மரியாதையுடன் சொல்ல வேண்டிய இடங்களில் ‘ஹேளு’, ‘கொடு’ என்று ஒருமையில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கன்னடம் சந்தையிலும் பள்ளித் தோழிகளிடமும் படிந்த கன்னடம். அங்கே எல்லோருமே எனக்கு ‘நீ’தான். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று சொல்ல வந்தபோது ‘ஆகல்ல’ என்ற ஒற்றைச் சொல்தான் வாயில் வந்தது. முகம் தெரியாத ஒருவரிடம் அது கதவை அறைந்து சாத்துவதுபோல் ஒலிக்கும். அதைத் தணித்துச் சொல்லத் தேவையான சொற்கள் என்னிடம் இல்லாததால் பாதி வாக்கியத்தில் தமிழுக்கு வந்துவிட்டேன். அடுத்து இந்தியில் கேட்டார். புரிந்தது, இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. “உங்கள் கன்னடம் மோசமில்லை. ஆனால் ஐந்தையும் ஒரே தரத்தில் எழுதிவிட்டீர்கள். இப்போது இந்தி இப்படி இருக்கும்போது, நான் இன்னும் சோதிக்காத தெலுங்கைப் பற்றி நீங்கள் எழுதியதை எப்படி நம்புவது?” என்று கேட்டார். என் தெலுங்கு உண்மையிலேயே நன்றாக இருக்கும். அதைச் சொல்லிக் காட்டும் வாய்ப்பை என் மின்னஞ்சலே இல்லாமல் செய்துவிட்டது என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது நிறுவனத்தில் எல்லாச் சுற்றுகளையும் கடந்து, வேலைக்கான கடிதம் வரும் நிலைக்கு வந்தேன். அங்கே மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரவு ஷிஃப்ட் வரும். நிறுவன வாகனம் வீடுவரை வந்து ஏற்றிச்செல்லும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வாகனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அலுவலகத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு மேல் போகாது. ஓசூர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய வாகனம் வராது என்று போக்குவரத்துப் பிரிவினர் சொல்லிவிட்டார்கள். பெங்களூருவில் விடுதி எடுத்துத் தங்குவது பற்றி வீட்டில் அதுவரை பேச்சே எடுத்திருக்கவில்லை. கடைசி நேரத்தில் மறுத்தேன். அந்த நிறுவனத்தில் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ‘எந்த ஷிஃப்டும் சரி’ என்று எழுதியபோது ஷிஃப்ட் என்பதை வேலை நேரமாக மட்டுமே நினைத்திருந்தேன். அந்த நேரத்துக்குப் போய்ச்சேர்வதும் வீடு திரும்புவதும் சேர்ந்ததுதான் ஷிஃப்ட்.

இதற்குப் பிறகு ஒரு வாரம் எந்த விண்ணப்பமும் அனுப்பாமல், அந்த மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தேன்.

மொழிக்கு நான் வைத்துக்கொண்ட சோதனை எளிமையானது. ஒவ்வொரு மொழியிலும் நான்கு காரியங்களைச் செய்து, கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டேன். வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் கேட்டுத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது முதல் காரியம். ஒரு கட்டணக் கணக்கை விளக்குவது இரண்டாவது. மன்னிப்புக் கேட்டுக் காத்திருக்கச் சொல்வது மூன்றாவது. மரியாதை குறையாமல் மறுப்பது நான்காவது. தோழி ஒருத்தி வாடிக்கையாளராக நடித்தாள். தமிழிலும் தெலுங்கிலும் நான்கும் வந்தன. தெலுங்கில் ‘செப்பண்டி’ என்ற மரியாதை வடிவம் எனக்கு இயல்பாகவே வாயில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் பேசிப் பழகியதால் வந்த பயன் அது. ஆனால் எங்கள் பகுதித் தெலுங்குக்கும் ஹைதராபாத் பக்கத்துத் தெலுங்குக்கும் வேறுபாடு உண்டு. வேகமாகப் பேசும் தெலங்கானா வாடிக்கையாளரை முதல் சில நாட்கள் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கும் என்பதையும் குறித்துக்கொண்டேன். கன்னடத்தில் முதல் இரண்டும் வந்தன, மூன்றாவது தட்டுத்தடுமாறி வந்தது, நான்காவது வரவில்லை. இந்தியில் முதல் காரியமே முழுமையாக வரவில்லை.

என் அனுபவத்தில் இந்த நான்காவது காரியம்தான் உண்மையான அளவுகோல். நலம் விசாரிப்பதும் வழி சொல்வதும் அரைகுறை மொழியிலும் நடந்துவிடும். கேட்டதைத் தர முடியாது என்பதை, எதிரில் இருப்பவர் அவமதிப்பாக உணராதபடி சொல்வதற்கு மொழியின் உள்ளறைவரை போயிருக்க வேண்டும். கால் சென்டரில் வரும் அழைப்புகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு மறுப்பிலோ தாமதத்திலோ போய் முடிவதால், அது வராத மொழியைச் சரளம் என்று எழுதக் கூடாது.

கன்னடத்தை விட்டுவிட எனக்கு மனமில்லை. பெங்களூரு வேலைக்கு அது பெரிய பலம். மூன்று வாரங்கள், நாள்தோறும் அரை மணி நேரம், கன்னடம் தாய்மொழியாகக் கொண்ட என் சக ஊழியர் ஒருவரிடம் தொலைபேசிக் கன்னடம் மட்டும் பழகினேன். மறுப்புக்கான ஐந்தாறு வாக்கியங்களையும், ‘நீனு’ வாயில் வரும்போதெல்லாம் நிறுத்தி ‘நீவு’ என்று திருத்திக்கொள்ளும் பழக்கத்தையும் அவரிடமிருந்துதான் கற்றேன்.

பேசுவதும் எழுதுவதும் வேறு என்பதையும் அந்த வாரத்தில்தான் கவனித்தேன். வாய்ஸ் புராசஸ் எனப்படும் பேச்சு வழி வேலைக்குக் கன்னட எழுத்துத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. சாட் வழியாகவோ மின்னஞ்சல் வழியாகவோ பதில் எழுதும் வேலை என்றால் கன்னட எழுத்துத் தெரியாத நான் முதல் நாளே சிக்கிக்கொள்வேன். இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் எந்த மொழியில் பேசினாலும், அழைப்பு முடிந்தவுடன் அதன் சாரத்தைக் கணினியில் ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரிகள் தட்டச்சுச் செய்வதுதான் நான் பார்த்த எல்லா இடங்களிலும் வழக்கம். ஆகவே தமிழ், கன்னடம் பேசும் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள்கூட, தங்கள் ஆங்கிலப் பேச்சு சுமாராக இருந்தாலும் ஆங்கிலத்தில் பிழையின்றிக் குறிப்பெழுத முடியும் என்றால் அதைத் தனியாகச் சொல்வது நல்லது. பிறகு நான் திருத்தி எழுதிய மின்னஞ்சலைப் படித்த இரண்டு பேர் அந்த வரியைக் குறிப்பிட்டே கேள்வி கேட்டார்கள்.

ஷிஃப்டுக்கு வருகிறேன். ஒரு தாளில் 24 மணி நேரத்தைக் கோடுகளாகப் போட்டு, ஓசூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு எந்த நேரத்தில் எவ்வளவு ஆகிறது என்று எழுதினேன். தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். ஆனால் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகிறது. விடியற்காலையில் 40 நிமிடம் போதும். காலை 6 மணி ஷிஃப்ட் பலர் விரும்பாதது. எனக்கு அதுதான் எளிது. இரவு 9 மணிக்கு முடியும் ஷிஃப்ட்வரை பேருந்தில் வீடு திரும்பலாம். அதற்குப் பிறகு வேலை முடிந்தால் வாகனம் வேண்டும், அல்லது பெங்களூருவில் தங்க வேண்டும். அப்பாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசினேன். இரண்டு மாதம் வேலை நிலைத்த பிறகு, அலுவலகத்துக்கு அருகிலேயே பெண்கள் விடுதியில் தங்கி இரவு ஷிஃப்டுக்கும் போகலாம் என்று முடிவாயிற்று. வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்பதும் அந்தப் பேச்சில் தெளிவாயிற்று. இந்தக் கடைசிச் செய்தி நிறுவனங்களுக்கு எவ்வளவு வேண்டியது என்பது அப்போது எனக்குத் தெரியாது. 24 மணி நேரமும் இயங்கும் இடத்தில் சனி, ஞாயிறுகளில் ஆள் நிறுத்துவதுதான் அணித் தலைவருக்கு வாராவாரம் வரும் தலைவலி.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கான வேலைக்கு விண்ணப்பிக்கும் தோழிகளுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் நம் ஷிஃப்டும் ஒரு மணி நேரம் நகரும். லண்டன் நேரப்படி நடக்கும் வேலையிலும் இதே ஒரு மணி நேர நகர்வு உண்டு, மாறும் நாட்கள் மட்டும் வேறு. ‘மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை சம்மதம்’ என்று எழுதியவர், நவம்பரில் அது 4.30 ஆகும்போது வீட்டுச் சூழல் இடம் கொடுக்குமா என்பதையும் எழுதும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வாக்கியத்தைத் திருத்துவதுதான் மிகக் கடினமாக இருந்தது. ‘நல்ல அனுபவம்’ என்பதற்குப் பதிலாக என்ன எழுதுவது? அலுவலகத்தில் புகார்ப் பதிவேடு இருந்தது. மேலாளரிடம் சொல்லிவிட்டு, யாருடைய பெயரையும் முகவரியையும் எடுக்காமல், ஒரு வாரத்தின் புகார்களை மட்டும் எண்ணினேன். ஆறு வேலை நாட்களில் நான் பதிந்தவை 228. நாளொன்றுக்கு 38. இந்த எண் எனக்கே வியப்பாக இருந்தது. யாராவது கேட்டிருந்தால் நூறு என்று சொல்லியிருப்பேன். நேர்காணலில் நாளுக்கு நூறு என்று சொல்பவரிடம், ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டீர்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். இரண்டையும் பெருக்கினால் எட்டு மணி நேரத்தில் அடங்காது என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

எண்ணோடு ஒரு நிகழ்வையும் சேர்த்தேன். சாலை தோண்டியபோது ஃபைபர் கம்பி அறுந்து ஒரு தெருவுக்கே மூன்று நாள் இணையம் இல்லை. அந்தத் தெருவிலிருந்து ஒருவர் மூன்றாம் முறையாக அழைத்து, முழு மாதக் கட்டணம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்திருப்பதாகக் குரலை உயர்த்தினார். கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. முதல் இரண்டு அழைப்புகளில் அவர் என்ன சொன்னார் என்பதைப் பதிவேட்டில் பார்த்து, அதை நானே அவருக்குச் சொன்னேன். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய தேவை போயிற்று. குரல் அங்கேயே தணிந்தது. கட்டணக் குறைப்புக்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும், கிடைக்கும் என்று உறுதி தர என்னால் இயலாது, ஆனால் மாலை 5 மணிக்குள் எந்த முடிவாக இருந்தாலும் நானே அழைத்துச் சொல்கிறேன் என்றேன். மாலை 4.45 வரை ஒப்புதல் வரவில்லை. வரவில்லை என்பதைச் சொல்லவே அழைத்தேன். மறுநாள் காலை ஒப்புதல் வந்து, மூன்று நாள் கட்டணம் கழிக்கப்பட்டது.

இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. என்னிடம் இதைவிட இனிமையாக முடிந்த நிகழ்வுகளும் இருந்தன. ஆனால் இதில்தான் என் அதிகாரத்தின் எல்லை தெரிந்தது, நான் கொடுத்த சொல் தெரிந்தது, சொன்ன நேரத்துக்குள் முடிவு வராதபோது நான் என்ன செய்தேன் என்பதும் தெரிந்தது. நேர்காணல் எடுப்பவர் எங்கே தோண்டினாலும் உண்மையான விவரம் கிடைக்கும்.

திருத்திய மின்னஞ்சலை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அதன் கருத்தை இங்கே தமிழில் தருகிறேன். தலைப்பு வரியில் பணியின் பெயர், தமிழ் - தெலுங்கு - கன்னடம், உடனடி ஷிஃப்ட் நேரம், பணியில் சேர 30 நாள் என்ற நான்கு செய்திகள் மட்டும் இருந்தன. உள்ளே இருந்தது இது:

“தங்கள் நிறுவனத்தின் தென்னிந்திய மொழி வாடிக்கையாளர் சேவைப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். தமிழ் என் தாய்மொழி. பேச, படிக்க, எழுத இயலும். தெலுங்கில் வாடிக்கையாளருடனான முழு உரையாடலையும் நடத்த இயலும், படிக்கத் தெரியாது. கன்னடத்தில் கட்டணம், பழுது, இணைப்பு தொடர்பான உரையாடல்களை நடத்த இயலும், எழுதத் தெரியாது. ஆங்கிலத்தில் உரையாடவும் அழைப்புக் குறிப்புகளைப் பிழையின்றித் தட்டச்சுச் செய்யவும் இயலும். இந்தி புரியும், இந்தி அழைப்புகளை ஏற்கும் அளவுக்குப் பேச இயலாது.

“காலை 6 மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் முதல் இரவு 9 மணிக்கு முடியும் ஷிஃப்ட் வரை சேர்ந்த நாளிலிருந்தே பணியாற்ற இயலும். வார விடுமுறை எந்த நாளாகவும் இருக்கலாம். தற்போது ஓசூரில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்குப் பிறகு அலுவலகத்துக்கு அருகில் தங்கி இரவு ஷிஃப்டும் ஏற்க இயலும்.

“இரண்டு ஆண்டுகளாகப் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியிலும் நேரிலும் பதிந்துவருகிறேன், சராசரியாக நாளொன்றுக்கு 38.”

இதன் கீழே அறுந்த கம்பியின் நிகழ்வை நான்கு வாக்கியங்களில் எழுதி, கைப்பேசி எண்ணையும், பணி நேரத்தில் அழைப்பை ஏற்க முடியாததால் பகல் 1 மணி முதல் 2 மணி வரை, மாலை 6.30-க்கு மேல் என்று பேசக்கூடிய நேரத்தையும் கொடுத்தேன். முதல் மின்னஞ்சலுக்கு வந்த அழைப்புகள் இரண்டே இரண்டா, அல்லது வேலை மும்முரத்தில் நான் எடுக்காமல் விட்டவையும் இருந்தனவா என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு. சுயவிவரத்தைப் பிடிஎஃப் கோப்பாக இணைத்தேன். எதிர்பார்க்கும் சம்பளத்தை விளம்பரத்தில் கேட்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே எழுதினேன்.

இந்த மின்னஞ்சலை விளம்பரத்தைப் படித்துப் பார்த்து நான்கு இடங்களுக்குத்தான் அனுப்பினேன். இந்தி கட்டாயம் என்று போட்டிருந்த இடங்களை விட்டுவிட்டேன். இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்றில் இரவு ஷிஃப்டுக்கு முதல் நாளே வர வேண்டும் என்றார்கள். முதல் அழைப்பிலேயே, இருதரப்புக்கும் வருத்தமில்லாமல் பேச்சு முடிந்தது. மற்றொன்றில் தெலுங்கிலும் கன்னடத்திலும் தனித்தனியாகப் பேச வைத்துப் பார்த்தார்கள். கன்னடம் கேட்டவர், “எழுதியிருந்தபடியே இருக்கிறது” என்றார். அடுத்து, மாலை 4.45-க்கு ஒப்புதல் வராதபோது வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று கேட்டார். “அழைப்பீர்கள் என்று நினைக்கவில்லை என்றார்” என்று நடந்ததைச் சொன்னேன். அந்த நிறுவனத்தில் சேர்ந்தேன்.

சேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தமிழ், தெலுங்கு விண்ணப்பதாரர்களின் பேச்சைக் கேட்டுத் தரம் சொல்லும் பணிக்கு என்னையும் அவ்வப்போது உட்கார வைத்தார்கள். வரும் மின்னஞ்சல்களை ஹெச்ஆர் முதலில் மொழியை வைத்துப் பிரிப்பார். பிறகு ஷிஃப்டை வைத்து. இந்த இரண்டும் தெளிவாக இல்லாத மின்னஞ்சல் தள்ளுபடி ஆவதில்லை. ‘பிறகு கேட்டுக்கொள்ளலாம்’ என்ற குவியலுக்குப் போகும். ஆட்கள் கிடைத்துவிட்டால் அந்தக் குவியலை யாரும் திறப்பதில்லை. என் முதல் மின்னஞ்சல் ஒன்பது இடங்களில் எங்கே போயிருக்கும் என்பதை அந்தக் குவியலைப் பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

போன மாதம் சித்தப்பா மகள் தன் மின்னஞ்சலைக் காட்டினாள். ‘எந்த ஷிஃப்டும் சரி’ என்ற அதே வரி அதிலும் இருந்தது. “அக்கா, அப்படி எழுதினால்தானே எடுப்பார்கள்?” என்றாள். அவள் தளியில் இருக்கிறாள். ஓசூர் வருவதற்கே ஒரு பேருந்து பிடிக்க வேண்டும். அங்கிருந்து புறப்படும் முதல் பேருந்தும், ஓசூரிலிருந்து தளிக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. விசாரித்து வந்து, அந்த இரண்டு நேரங்களையும் வைத்து வரியைத் திருத்தி, மறுநாள் அனுப்பினாள்.